பிற்பகல் ஒன்றரையிலிருந்து ஐந்து வரை

என் மனைவி 2015 ஆம் ஆண்டின் இறுதியில் வேலையை விட்டார். திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர், மகள் வயிற்றில் இருந்த காலத்தில் விலகினார். மகள் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் திரும்பலாம் என்று அப்போது பேசிக்கொண்டோம். பிறகு கொரோனா வந்தது, அதன்பின் பெற்றோல் வரிசைகள் வந்தன, ஒவ்வொரு ஆண்டும் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று தள்ளிப் போயிற்று. 2025 தொடக்கத்தில், மகள் நான்காம் வகுப்புக்குப் போன வேளையில், இனித் தள்ளிப்போடப் போவதில்லை என்று அவர் சொன்னார்.

நான் அரச திணைக்களம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கள் வீடு உப்புவெளியில் இருக்கிறது. மகளின் பாடசாலையும் எங்கள் இருவருடைய வேலையிடங்களும் நகரப் பக்கம். மனைவி வேலைக்குத் திரும்புவதைப் பற்றிக் குடும்பத்தில் எழுந்த சந்தேகங்களையும் அவற்றுக்கு நாங்கள் செய்த ஏற்பாடுகளையும் விரிவாக எழுத நினைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் கணவன்மார் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "நீ போ, நான் இருக்கிறேன்" என்று சொல்வது எல்லோராலும் முடிகிற காரியம். அந்த "இருக்கிறேன்" என்பது எந்த மணிக்கு, எந்த இடத்தில், யாருடைய விடுமுறையில் என்று கணக்குப் பார்க்கும் போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

முதலில் பேசியவர் என் அம்மா. "தம்பி, பிள்ளை ஒண்டரைக்கு வந்திடும். நீங்கள் ரெண்டு பேரும் வாறது அஞ்சு மணிக்கு. இடையில ஆர் பாக்கிறது? அடுத்த வருசம் ஸ்கொலர்ஷிப்பும் இருக்கு." மனைவியின் அண்ணன் வேறு பக்கமாக வந்தார். வானுக்கும் பிள்ளையைப் பார்ப்பவருக்கும் பெற்றோலுக்கும் கொடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்பது அவருடைய கேள்வி. உறவினர் ஒருவர், இத்தனை வருடம் வீட்டில் இருந்தவரை யார் எடுப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார். என் சம்பளம் போதாதா என்று நேரடியாகவும் சுற்றிவளைத்தும் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு, அது சம்பளம் போதாமையால் எடுத்த முடிவல்ல என்று ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். மற்ற மூன்று கேள்விகளும் நியாயமானவை. அவற்றைப் பழமைவாதம் என்று ஒதுக்கியிருந்தால், வேலை தொடங்கிய முதல் மாதத்திலேயே அந்தக் கேள்விகள் மனைவியின் தலையில் வந்து விழுந்திருக்கும்.

யார் எடுப்பார்கள் என்ற கேள்வியை மனைவியே கையில் எடுத்தார். கணக்கு வேலையில் பத்தாண்டு இடைவெளி என்பது சிறியதல்ல. அவர் விட்ட போது பெறுமதி சேர் வரி 11 வீதமாக இருந்தது. 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். அவர் மாதாமாதம் கணித்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. அவர் ஒருபோதும் கையாண்டிராத சமூகப் பாதுகாப்பு உதவுத்தொகை வரி 2022 ஒக்டோபரில் 2.5 வீதத்தில் வந்தது. தெரிந்தவர் ஒருவருடைய கட்டடப் பொருள் கடையின் ஒரு மாதப் பற்றுச்சீட்டுகளை அனுமதியுடன் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, எக்செல்லில் முழு மாதத்தையும் பதிந்தார். வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைக் கையால் போட்டுப் பழகியவர், இப்போது வங்கியிலிருந்து இறக்கிய கோப்பை வைத்து அதைச் செய்யப் பழகினார்.

ஒரு மாலை அவர் ஒரு பற்றுச்சீட்டை என்னிடம் காட்டினார். மொத்தம் 118,000 ரூபாய், வரியும் உள்ளடங்கியது. வரியைப் பிரித்தெடுக்க 118 ஆல் பிரித்து 18 ஆல் பெருக்க வேண்டும், விடை 18,000. மொத்தத்தை நேரே 18 வீதத்தால் பெருக்கினால் 21,240 வரும், அது பிழை. அவருக்கு முறை நன்றாகத் தெரியும், ஆனால் விரல்கள் பழைய பழக்கத்தில் 111 என்றே தட்டிவிட்டன. அதைக் கண்டுபிடித்துத் திருத்திய போது அவர் முகத்தில் தெரிந்தது வெட்கமல்ல, நிம்மதி. எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது: வீதங்களும் படிவங்களும் மாறியிருந்தன, கணக்கின் ஒழுங்கு அப்படியே இருந்தது. இடைவெளியைப் பற்றி நேர்முகத் தேர்வில் கேட்ட போது அவர் இந்த மாதக் கணக்கையே எடுத்துக் காட்டினார். பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அங்கேயும் கேட்டார்கள். என்னிடம் எந்த நேர்முகத் தேர்விலும் அந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை.

அதற்கு முன் வேறொரு இடத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே ஊழியர் சேமலாப நிதி தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் கட்டப்படும் என்றார்கள். பலர் இதை இயல்பான நடைமுறை என்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் சட்டப்படி வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது கட்டப்பட வேண்டும், தற்காலிக ஊழியருக்கும் அப்படியே. நீண்ட காலம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெண்கள், கிடைத்ததே பெரிது என்று இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள். மனைவி அந்த வேலையை வேண்டாம் என்றார், நானும் அதையே விரும்பினேன். நியமனக் கடிதமும், சேமலாப நிதிக் கழிவு எழுதப்பட்ட சம்பளச் சீட்டும் கைக்கு வருகின்றனவா என்பதை வைத்தே ஓர் இடத்தைப் பற்றிப் பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

இரண்டாவதாகக் கிடைத்த வேலையின் சம்பளம் 60,000 ரூபாய். மைத்துனரின் கேள்விக்கு இந்தத் தொகையை வைத்தே பதில் சொன்னோம். சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கான 8 வீதம், அதாவது 4,800 ரூபாய் கழிந்து 55,200 கைக்கு வரும். பிற்பகலில் மகளைப் பார்ப்பதற்கு 12,000, பாடசாலை வானுக்கு 7,000, ஸ்கூட்டிப் பெற்றோலுக்கு 6,000, அவசரத்துக்கு வாங்கும் சாப்பாடு போன்றவற்றுக்கு 5,000 என்று வைத்தால் 30,000 போய்விடும். மிஞ்சுவது 25,200. "இதுக்காகவோ இவ்வளவு பாடு?" என்று அவர் கேட்டது இந்த இடத்தில்தான். ஆனால் கைக்கு வராத பணமும் இருக்கிறது. நிறுவனம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதமாக 7,200 ரூபாயும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமாக 1,800 ரூபாயும் கட்ட வேண்டும். ஆக, சேமலாப நிதியில் மட்டும் அவர் பெயரில் மாதம் 12,000, ஆண்டுக்கு 144,000 சேர்கிறது. பெண்கள் அந்தப் பணத்தை 50 வயதில் எடுக்கலாம். சம்பளம் ஒரு ரூபாய்கூட உயராது, வட்டியும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் பதின்மூன்று ஆண்டுகளில் அது பதினெட்டு இலட்சத்தைத் தாண்டும்.

செலவு முழுவதையும் மனைவியின் சம்பளத்திலிருந்தே கழித்துப் பார்க்கும் வழக்கத்தையும் நாங்கள் கேள்விக்கு உட்படுத்தினோம். மகளைப் பார்ப்பதற்கான செலவு இருவரும் வேலைக்குப் போவதால் வருகிற செலவு. அதை இரு சம்பளங்களுக்கும் பொதுவாக எழுதிய போது மைத்துனரே அந்தத் தாளை வாங்கி மறுபடியும் பார்த்தார். மனைவியின் பழைய சேமலாப நிதிப் பணமும் அப்படியே இருக்கிறது. திருமணத்தைக் காரணமாகக் கொண்டு வேலையை விடும் பெண்களுக்கு அதை முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது, அப்போது எடுக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர் எடுக்கவில்லை. அந்தத் தொகைக்கு இன்றும் வட்டி சேர்கிறது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இதற்குத்தான் அதிக உழைப்புத் தேவைப்பட்டது. பாடசாலை காலை 7.30 இலிருந்து பிற்பகல் 1.30 வரை. என் அலுவலகம் மாலை 4.15 வரை, அவருடையது ஐந்து மணி வரை. நடுவில் இருக்கும் அந்த மூன்றரை மணி நேரத்தை இத்தனை வருடமும் மனைவி நிரப்பியிருந்தார். அம்மாவிடம் தனியே இருந்து பேசிய போது, அவருடைய பயம் வேறொன்று என்று தெரிந்தது. முழங்கால் நோவோடு இருக்கும் தன்னைக் கேட்காமலேயே பிள்ளையை அவர் பொறுப்பில் விட்டுவிடுவோம் என்று அவர் எண்ணியிருந்தார். மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்பதைவிட, தன்னால் இயலாததை இயலாது என்று சொல்ல வேண்டிய நிலை வந்துவிடுமோ என்பதே அவருக்குச் சுமையாக இருந்தது. "அம்மா, உங்களை நம்பி இந்த ஏற்பாடு இல்லை. விருப்பமான நாள் வாங்கோ, இல்லாட்டி இல்லை" என்று சொன்ன பிறகு அவருடைய எதிர்ப்புப் பாதியாகக் குறைந்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மகள் வானில் வந்து அவர் வீட்டில் இறங்கி, சாப்பிட்டு, வீட்டுப் பாடம் செய்வாள். நான் நாலரைக்குப் பிறகு போய் அழைத்துவருவேன். கட்டணத்தை முதலிலேயே பேசி, மாதத் தொடக்கத்தில் கொடுப்பதென்று முடிவு செய்தோம். அயலவர்தானே என்று சும்மா விட்டால் இரண்டு மாதத்தில் மனக்கசப்பு வரும்.

வேலை தொடங்குவதற்கு முன் இதை ஒத்திகை பார்த்தோம். மற்றவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனைகளில் மிகவும் பயன்பட்டது இதுதான். மனைவி காலையில் அலுவலகத்துக்குப் போவதைப் போலவே உடுத்துப் புறப்பட்டு, பொது நூலகத்தில் இருந்து வரிச் சட்ட மாற்றங்களைப் படித்தார். மகள் வானில் வந்தாள், நான் அழைத்துவந்தேன். வீட்டில் இருந்தபடி "பார்ப்போம்" என்றிருந்தால் வெளிப்பட்டிராத குறைகள் அந்த நாட்களில் வெளிப்பட்டன. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டாலும் வான் மற்றப் பிள்ளைகளை இறக்கிச் சுற்றி வருவதால் மகள் வந்து சேர இரண்டே கால் ஆகிவிடும்; இடைவேளைக்குக் கொடுத்துவிடும் சாப்பாடு அவளுக்குப் போதவில்லை. அதைவிட முக்கியமானது வேறொன்று. ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று வகுப்பாசிரியை அழைத்தது மனைவியின் தொலைபேசிக்கு; வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருந்ததும் அவருடைய எண் மட்டுமே.

மறுநாளே நான் பாடசாலைக்குப் போய், பதிவேட்டில் முதல் தொடர்பு எண்ணாக என் எண்ணை எழுதுவித்தேன். குழுவிலும் என்னைச் சேர்த்து, மனைவியின் எண்ணை எடுத்துவிட்டோம். அம்மாக்கள் நிறைந்த குழுவில் ஒரு தந்தை என்பது தொடக்கத்தில் சிலருக்கு விசித்திரமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. இதைச் சிறிய காரியம் என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு எந்த நிறத் தாள் கொண்டுபோக வேண்டும், எந்தப் பாடத்துக்குச் சோதனை, யாருடைய தண்ணீர்ப் போத்தல் மாறிப்போயிற்று என்பவை நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். அவை மனைவியின் தொலைபேசியில் ஒலித்து, அவர் அலுவலகத்திலிருந்து எனக்குச் சொல்லி, நான் செய்வதென்றால், செய்கிறவன் நானாக இருந்தாலும் நினைவில் சுமப்பவர் அவராகவே இருப்பார். ஒரு பொறுப்பை எடுத்தால் அதன் தகவல் வரும் வழியையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஸ்கொலர்ஷிப் பயிற்சியும் அப்படித்தான்: கணிதமும் கடந்தகால வினாத்தாள்களும் என் பொறுப்பு, தமிழும் சுற்றாடலும் அவர் பொறுப்பு.

எங்களை மிகவும் நெருக்கியது விடுமுறைக் கணக்கு. வேலைக்குத் திரும்புவோர் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விளக்குகிறேன். தனியார் அலுவலக ஊழியருக்குரிய 1954 ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, சேர்ந்த ஆண்டில் வருடாந்த விடுமுறை கிடையாது. அந்த ஆண்டில் கிடைப்பது, நிறைவு செய்த ஒவ்வோர் இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் என்ற அளவிலான அமய விடுமுறைதான். அடுத்த ஆண்டில் எத்தனை நாள் வருடாந்த விடுமுறை என்பது, எந்தக் காலாண்டில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதன்பின் சேர்ந்தால் 4. நிறுவனம் சித்திரைப் புத்தாண்டு முடிந்து வரச் சொன்னது. மனைவி மார்ச் மாதத்திலேயே தொடங்கலாமா என்று கேட்டார், அவர்களும் சம்மதித்தார்கள். அந்தச் சில வாரங்கள் அடுத்த ஆண்டின் நான்கு நாட்களைக் காப்பாற்றிக் கொடுத்தன.

அரச ஊழியனான எனக்கு ஆண்டுக்கு 45 நாள் விடுமுறை உண்டு. ஆகவே முதல் ஆண்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பெற்றோர் கூட்டம் என்றால், தவணை விடுமுறை என்றால் வீட்டில் நிற்க வேண்டியவன் நான். இது தயவு தாட்சண்யமல்ல, விடுமுறை என்னிடம்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் இரண்டாம் மாதத்திலேயே பிள்ளைக்காக விடுமுறை கேட்டால், நேர்முகத் தேர்வில் கேட்ட அந்தக் கேள்வியை அலுவலகம் மறுபடியும் நினைத்துக்கொள்ளும். ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்தோம். ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறைகளில் சில நாள் நான், சில நாள் ஆசிரியை வீடு. ஒவ்வொரு மாதமும் 20 ஆம் திகதிக்கு முன் வரிப் பணம் கட்ட வேண்டியிருப்பதால் அந்த நாட்களில் மனைவிக்கு வேலை நீளும். மாத இறுதியும் அப்படியே. அந்த நாட்களில் இரவுச் சமையலும் என்னுடையது. அன்று இடியப்பம் கடையில் வாங்குவோம், சொதியும் சம்பலும் வீட்டில் நான் செய்வேன்.

இவ்வளவு திட்டமிட்டும் நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்த போது எல்லாம் குலைந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன, எப்போது திறக்கும் என்று உடனே தெரியவில்லை. என் அலுவலகத்தில் அனர்த்த வேலைகள் குவிந்ததால் நான் விடுமுறை கேட்கக்கூடிய நிலை இருக்கவில்லை. ஆசிரியையின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அவர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். மனைவியிடம் மிஞ்சியிருந்த அமய விடுமுறை இரண்டு நாளில் முடிந்துவிட்டது. வேலையை விட வேண்டி வருமோ என்ற பேச்சு அந்த ஒரு முறைதான் எங்கள் இருவருக்கும் இடையில் எழுந்தது, அதை எழுப்பியவரும் மனைவிதான். பாதை சீரானதும் அம்மா ஒரு பையோடு ஓட்டோவில் வந்திறங்கினார். "நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போங்கோ. முழங்கால் நொந்தாலும் பிள்ளையோட இருக்க ஏலும்" என்றார். பாடசாலை திறந்து, ஆசிரியை வீடு திரும்பும் வரை அவர் எங்களோடு இருந்தார். தன்னிடம் யாரும் கட்டாயப்படுத்திக் கேட்காததால்தான் அவர் வந்தார் என்று நான் நம்புகிறேன். மாமியும் மருமகளும் பேசிக்கொள்ளும் விதமும் அந்த நாட்களில் மாறிற்று; மனைவியின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து, "அந்தப் பன்னிரண்டாயிரம் உண்மையாப் போகுதோ?" என்று அம்மா ஒவ்வொரு வரியாக விசாரித்தார்.

சந்தேகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். புள்ளிகள் குறைந்தால் அதை மனைவியின் வேலையோடு முடிச்சுப் போடக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், மனைவிக்கும் அது தெரியும். ஒவ்வொரு சோதனைத் தாளையும் இப்போது மூவரும் சேர்ந்து பார்க்கிறோம். கணிதத்தில் பின்னங்கள் அவளுக்குக் கடினமாக இருக்கின்றன, அது என் பொறுப்பில் இருக்கும் பாடம், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று உறவினர் முன்னிலையிலேயே சொல்லியிருக்கிறேன். 2026 ஜனவரியில் மனைவியின் பெயரில் 14 நாள் விடுமுறை வந்தது. அதில் ஐந்து நாளைப் பரீட்சைக்கு முந்திய வாரத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம், என்னுடையதில் ஐந்தும் அதற்கு முந்திய வாரத்துக்கு. மிச்சத்தை நவம்பர், டிசம்பர் மழைக்காலத்துக்கென்று தொடாமல் வைத்திருக்கிறோம்.